ஆபீஸ் ஒப்பந்தம் முடியப்போகிறது: ஓனருக்கு எழுதும் கடிதத்தில் எதை முதலில் சொல்வது?

கேள்வி: கோவை ஆர்.எஸ்.புரத்தில் இரண்டாவது மாடியில் 1,100 சதுர அடி ஆபீஸ் எடுத்திருக்கிறோம். மூன்று வருட ஒப்பந்தம் அக்டோபர் 31-ல் முடிகிறது. 40,000-ல் ஆரம்பித்து வருடம் 5% ஏறி இப்போது 44,100 கட்டுகிறோம். அட்வான்ஸ் 2,50,000. புதுப்பிக்கும்போது 15% ஏற்றுவேன் என்று ஓனர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, உள்ளே தடுப்பு, வயரிங் எல்லாம் நாங்கள் போட்டது. இடத்தை விட மனமில்லை, வாடகையும் இவ்வளவு ஏறக்கூடாது. கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

கடிதத்தில் கை வைப்பதற்கு முன் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, புதுப்பித்தல் பற்றிய ஷரத்தை இரண்டு முறை படியுங்கள். கோவையில் கடைக்கும் ஆபீசுக்கும் வாடகைப் பத்திரம் எழுதிக்கொடுப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. அந்த ஷரத்து பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான் இருக்கும். ஒன்று, "இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம்". இன்னொன்று, "வாடகைதாரர் விரும்பினால், காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பு எழுத்துமூலம் தெரிவித்து, மேலும் இத்தனை வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம்". முதல் விதம் என்றால் நீங்கள் கேட்கிறீர்கள், அவர் தரலாம், தராமலும் இருக்கலாம். இரண்டாவது விதம் என்றால் அது உங்கள் உரிமை. ஆனால் சொன்ன தேதிக்குள், சொன்ன முறையில் எழுதினால்தான் அந்த உரிமை நிற்கும்.

இரண்டாவது விதத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், பத்திரத்தில் அந்த உரிமை இருந்தும், "வாடகையை 10% குறைத்தால் நாங்கள் புதுப்பிக்கத் தயார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஓனர் தரப்பு பதிலே சொல்லாமல் மூன்று மாதக் கெடு தாண்டும்வரை காத்திருந்தது. அப்புறம் வக்கீலிடமிருந்து பதில் வந்தது: நீங்கள் உரிமையைப் பயன்படுத்தவில்லை, நிபந்தனை போட்டுப் புது பேரம் பேசியிருக்கிறீர்கள், கெடு முடிந்துவிட்டது என்று. கடைசியில் ஓனர் கேட்ட வாடகைக்கே அவர் கையெழுத்துப் போட்டார். அதனால் என் கட்டாயமான ஆலோசனை இது: புதுப்பித்தலையும் வாடகையையும் ஒரே வாக்கியத்தில் கட்டாதீர்கள். முதல் பத்தியில் "ஷரத்து இத்தனையின்படி புதுப்பிக்கிறோம்" என்று எந்த நிபந்தனையும் இல்லாமல் முடியுங்கள். வாடகை மறுபரிசீலனை அடுத்த பத்தியில், தனிக் கோரிக்கையாக வரட்டும். "என்றால்", "பட்சத்தில்" என்ற சொற்கள் முதல் பத்தியில் தலைகாட்டவே கூடாது.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். அந்த உரிமை ஷரத்திலேயே "புதுப்பிக்கும்போது 15% உயர்வுடன்" என்று எழுதியிருந்தால், உரிமையைப் பயன்படுத்திய நிமிடமே அந்த 15%-க்கு நீங்கள் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். அதற்கு மேல் குறைத்துத் தருவது ஓனரின் மனம்தான். அந்த நிலையில் எழுத்துக்கு முன் நேரில் பேச வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னார் என்கிறீர்கள், அதனால் பத்திரத்தில் அந்த எண் இருக்காது என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எப்போது கொடுப்பது? பத்திரத்தில் மூன்று மாதம் என்றிருந்தால் ஜூலை 31 கடைசி நாள். கடைசி நாளில் கொடுக்காதீர்கள், ஜூலை நடுவிலேயே கையில் சேரட்டும். கெடு எதுவும் எழுதவில்லை என்றாலும் மூன்றரை மாதம் முன்பே கொடுப்பதுதான் நல்லது. ஓனர் புரோக்கரிடம் சொல்லி வேறு ஆளைப் பார்க்க ஆரம்பிக்கும் முன்பே உங்கள் கடிதம் அவர் மேஜையில் இருக்க வேண்டும். வேறு ஆளிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டால் எவ்வளவு நல்ல கடிதமும் பயன்படாது.

இப்போது காரணங்களுக்கு வருவோம். "தொழில் டல்லாக இருக்கிறது, செலவு அதிகமாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓனர் அதைப் படித்தவுடன், நாளைக்கு இவர் வாடகையே கட்டுவாரா என்றுதான் யோசிப்பார். உங்கள் கஷ்டத்தைவிட அவருடைய கணக்கில் எது நிற்கிறதோ அதுதான் காரணம். உங்கள் விஷயத்தில் அப்படி நிற்கக்கூடியவை நான்கு இருக்கின்றன.

முதலாவது, நீங்கள் வாடகை கட்டிய விதம். பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து வைத்து எண்ணுங்கள். ஜூலை வரை 33 மாதம். அதில் எத்தனை ஐந்தாம் தேதிக்குள், எத்தனை தாமதம்? 31 சரியாகவும் 2 ஏழாம் தேதியும் என்றால் அப்படியே எழுதுங்கள். "எப்போதும் சரியாகக் கட்டினோம்" என்று எழுதினால் ஓனருக்கு உடனே அந்த இரண்டு மாதம்தான் ஞாபகம் வரும். எண்ணை நீங்களே சொல்லிவிட்டால் மற்ற எண்களையும் அவர் நம்புவார்.

இரண்டாவது, நீங்கள் உள்ளே போட்ட பணம். தடுப்பு, வயரிங், லைட் என்று பில்லைக் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லுங்கள். அதைத் திருப்பிக் கேட்காதீர்கள். பெரும்பாலான பத்திரங்களில் அது உங்களுக்குத் திரும்பி வராது, கேட்டால் வீண் சண்டைதான் மிஞ்சும். அந்த வேலையால் இடம் நல்ல நிலையில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்தால் போதும்.

மூன்றாவது, கட்டடத்தின் குறை. லிஃப்ட் ஒன்றை மட்டும் எழுதுங்கள். பாத்ரூம் குழாய், படிக்கட்டு லைட், வாட்ச்மேன் தூங்குகிறார் என்று ஏழெட்டு குறைகளைச் சேர்த்தால் அது புகார்க் கடிதமாகிவிடும், படிப்பவருக்குக் கோபம்தான் வரும். லிஃப்ட்டுக்குத் தேதி வேண்டும். எந்த மாதம், எத்தனை நாள் நின்றது, எப்போது அவருக்குத் தெரிவித்தீர்கள்? வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளைத் தேடினாலே கிடைத்துவிடும். இரண்டாவது மாடிக்குப் படியேறி வர முடியாத வாடிக்கையாளர்களைக் கீழே வண்டி நிறுத்துமிடத்திலேயே வைத்துப் பேச வேண்டியிருந்தது என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

நான்காவது, அக்கம்பக்கத்து வாடகை. மற்ற மூன்றையும்விட இதில் நிதானம் வேண்டும். உங்கள் 1,100 சதுர அடி என்பது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் அளவாக இருக்கும். அதாவது படிக்கட்டு, லிஃப்ட் இடம், காரிடார் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த அளவு. போன வருடம் ஒரு ஆபீசுக்குப் பத்திரம் எழுதப் போயிருந்தேன். ஓனர் வாடகை அதிகம் கேட்கிறார் என்று சொல்லி, அடுத்த கட்டடத்தில் சதுர அடி 48 ரூபாய், இங்கே 56 என்று காட்டினார்கள். எனக்குச் சந்தேகம். டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து சுவருக்கு அளந்து பார்த்தேன். அவர்கள் தங்கள் வாடகையைக் கார்ப்பெட் அளவால், அதாவது உள்ளே காலை வைத்து நடக்கிற தரை அளவால் வகுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தின் 48 சூப்பர் பில்ட்-அப் கணக்கு. ஒரே அளவுகோலில் போட்டபோது இவர்கள் கொடுப்பதுதான் குறைவு! அந்தக் கணக்கோடு கடிதம் போயிருந்தால் ஓனரே இன்னும் ஏற்றியிருப்பார்.

நீங்களும் டேப்பால் ஒருமுறை அளந்துவிடுங்கள். உள்ளே 780 சதுர அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 44,100-ஐ 1,100-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 40 ரூபாய், 780-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 56.50. பக்கத்துத் தெருவில் விசாரிக்கும்போது முதல் கேள்வியே "இது எந்த அளவு?" என்றுதான் இருக்க வேண்டும். அப்புறம் எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, மெயிண்டனன்ஸ் வாடகையோடு சேர்ந்ததா தனியா என்று கேளுங்கள். கேட்கும் வாடகையை மட்டும் நம்பாதீர்கள். போர்டில் 45 என்று எழுதியிருப்பார்கள், மூன்று மாதம் காலியாகக் கிடந்து 39-க்கு முடிந்திருக்கும். முடிந்த வாடகை தெரிந்த இரண்டு இடம் இருந்தால் போதும். ஒன்றும் சாதகமாகக் கிடைக்கவில்லையா, இந்தக் காரணத்தையே விட்டுவிடுங்கள்.

இனி எவ்வளவு கேட்பது என்ற கணக்கு. ஓனர் சொல்லும் 15% ஏற்றினால் முதல் வருட வாடகை 50,715. அதன்மேல் பழையபடி வருடம் 5% என்றால் மூன்று வருடத்தில் மொத்தம் சுமார் 19,18,500. நீங்கள் முதல் வருடம் 44,100-லேயே நிறுத்தி, அடுத்த இரண்டு வருடம் 5% தருகிறோம் என்று கேட்டால் மொத்தம் 16,68,300. வித்தியாசம் இரண்டரை லட்சம். இது உங்களுக்குப் பெரிய தொகை, அவருக்கும்தான்.

ஆனால் நீங்கள் காலி செய்தால் அவருக்கு என்ன ஆகும்? இரண்டாவது மாடி, லிஃப்ட் தகராறு உள்ள கட்டடம், ஆள் வர மூன்று மாதம் ஆகலாம். அதில் போவது 1,52,145. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 50,715. சேர்த்தால் 2,02,860. பெயிண்ட், சின்னச் சின்ன ரிப்பேர் தனி. புதிதாக வருகிறவர் தடுப்பையெல்லாம் இடித்து மாற்ற, முதல் மாத வாடகை வேண்டாம் என்று கேட்பார். ஆக அவர் எதிர்பார்க்கும் லாபத்தில் பெரும்பகுதி முதல் நான்கு மாதத்திலேயே கரைந்துவிடும். கடிதத்தில் இந்தக் கணக்கை அப்படியே போட்டால் மிரட்டல் போலத் தெரியும். "இடைவெளி இல்லாமல், புரோக்கர் செலவு இல்லாமல் வாடகை தொடரும்" என்ற ஒரு வரி போதும், கணக்கை அவரே போட்டுக்கொள்வார். நேரில் பேசும்போது வேண்டுமானால் பேப்பரில் எழுதிக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்கும் எண் ஒன்றே ஒன்றுதான் கடிதத்தில் இருக்க வேண்டும். மனதுக்குள் இரண்டாவது எண் வைத்துக்கொள்ளுங்கள், எழுதாதீர்கள். உங்களுக்கு அது முதல் வருடத்திலிருந்தே 5%, அதாவது 46,305-ல் ஆரம்பிப்பது. மூன்று வருட மொத்தம் 17,51,700 வரும்.

நான் எழுதியிருந்தால் கடிதம் இப்படி இருக்கும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஓனர் தமிழில் படிக்கிறவர் என்றால் தமிழிலேயே கொடுங்கள். ஷரத்து எண்ணும் தேதிகளும் மட்டும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கட்டும். தொகைகளையும் லிஃப்ட் விவரத்தையும் உங்கள் உண்மையான எண்களால் மாற்றிக்கொள்ளுங்கள்.

---

அனுப்புநர்: (நிறுவனத்தின் பெயர், முகவரி)

பெறுநர்: (உரிமையாளர் பெயர், முகவரி)

நாள்: ஜூலை 14

பொருள்: இரண்டாவது மாடி அலுவலக இடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தல், வாடகை மறுபரிசீலனைக் கோரிக்கை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட இடத்துக்கு நமக்குள் உள்ள வாடகை ஒப்பந்தம் வரும் அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஒப்பந்தத்தின் ___ ஆம் ஷரத்தின்படி, நவம்பர் 1 முதல் மேலும் மூன்று வருடங்களுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்கிறோம் என்பதை இக்கடிதத்தின் மூலம் தெரிவிக்கிறோம்.

இதிலிருந்து தனியாக, வாடகை குறித்து ஒரு கோரிக்கை. தற்போதைய வாடகை மாதம் 44,100 ரூபாய். புதிய காலத்தின் முதல் வருடத்துக்கு இதே வாடகையும், இரண்டாம் மூன்றாம் வருடங்களில் வருடத்துக்கு 5% உயர்வும் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். காரணங்களைக் கீழே தெரிவித்திருக்கிறோம்.

இதுவரையான 33 மாத வாடகையில் 31 மாதம் ஐந்தாம் தேதிக்குள்ளும், இரண்டு மாதம் ஏழாம் தேதியும் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியிருக்கிறோம். பாக்கி ஏதுமில்லை.

உள் தடுப்பு, வயரிங், விளக்குகளுக்கு நாங்கள் 1,80,000 ரூபாய் செலவு செய்திருக்கிறோம். அதை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. இடத்தை நல்ல நிலையில் வைத்திருக்கிறோம் என்பதற்காகக் குறிப்பிடுகிறோம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை லிஃப்ட் மொத்தம் 19 நாட்கள் இயங்கவில்லை. ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தெரிவித்திருக்கிறோம். மாடியேற முடியாத வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளத்தில் வைத்தே சந்திக்க வேண்டியிருந்தது. லிஃப்ட்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, நிலைமை சரியாகும்வரை வாடகையை உயர்த்தாமல் இருப்பது நியாயம் என்று கருதுகிறோம்.

நாங்கள் தொடர்வதால் உங்களுக்கு இடைவெளி இல்லாமல், புரோக்கர் செலவு இல்லாமல் வாடகை வரும். ஏற்கெனவே கொடுத்துள்ள அட்வான்ஸ் 2,50,000 ரூபாயே புதிய காலத்துக்கும் தொடரட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உங்களுக்கு வசதியான ஒரு நாளில் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறோம். ஜூலை 31-க்குள் உங்கள் பதிலைத் தெரிவித்தால் புதிய பத்திரத்துக்கான வேலையைத் தொடங்க உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், பொறுப்பு)

---

உங்கள் ஷரத்து "இரு தரப்பும் சம்மதித்தால்" என்ற வகை என்றால் முதல் பத்தியின் கடைசியை மட்டும் "புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று மாற்றுங்கள். மீதி அப்படியே பொருந்தும்.

கடிதத்தைத் தபாலில் மட்டும் அனுப்பாதீர்கள். திடீரென்று தபாலில் வந்தால் இங்கே அதை நோட்டீஸ் என்றுதான் நினைப்பார்கள். நீங்களே நேரில் போய்க் கொடுத்து, "முறைப்படி ஒன்று எழுதிக் கொடுக்கிறேன் சார், படித்துப் பாருங்கள்" என்று சொல்லி, நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் சிரமப்படுத்த வேண்டாம். அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒரு பிரதி அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் பெரும்பாலும் "சரி, 10% வைத்துக்கொள்வோம்" என்று வரும். அங்கே அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "10% தருகிறோம், இரண்டாவது வருடம் உயர்வு வேண்டாம், மூன்றாவது வருடம் 5%" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் 48,510, மூன்றாவது வருடம் 50,936. மொத்தம் 17,75,500 சுமார். நீங்கள் மனதில் வைத்திருந்த 5% கணக்கைவிட மூன்று வருடத்தில் 24,000 ரூபாய்க்குள்தான் கூடுகிறது. ஓனருக்கோ தான் சொன்னதில் பாதிக்கு மேல் கிடைத்தது என்ற நிறைவு. நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் பல பேச்சுகள் முடிகின்றன.

50,000 என்ற எல்லையையும் கவனியுங்கள். 2025 ஏப்ரல் முதல், நிறுவனங்கள் மாதம் 50,000-க்கு மேல் கட்டட வாடகை கொடுத்தால் 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும். ஓனரின் 15% முதல் மாதமே அந்த எல்லையைத் தாண்டுகிறது, நீங்கள் கேட்கும் கணக்கு மூன்றாவது வருடம்கூட 48,620-ல்தான் நிற்கிறது. பிடித்த வரி அவர் கணக்கில்தான் சேரும், நஷ்டமில்லை. ஆனால் கையில் வரும் பணம் குறையும் என்பது சில ஓனர்களுக்கு முக்கியம். இதைக் கடிதத்தில் எழுதாமல் பேச்சில் சொல்லுங்கள். எழுத்தில் வந்தால் வரிக்குப் பயந்து கேட்பதுபோல் ஆகிவிடும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, பேசும் வாடகை வரி சேர்ந்ததா, தனியா என்பதை எண்ணைச் சொல்லும்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பதிலே வராமல் அக்டோபர் போய்விட்டால் பதறாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தில், காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்தால் பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம் ஓடும் என்று இருக்கிறது. அந்த ஆறு மாதம் வேறு இடம் பார்க்கவோ பேசி முடிக்கவோ கிடைக்கும் அவகாசம். நவம்பர் வாடகையையும் அதே தேதியில், அதே 44,100-ஐ, அதே கணக்கில் போடுங்கள்.

ஒத்துக்கொண்டால் கடிதத்தின் ஓரத்தில் "சம்மதம்" என்று எழுதி வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடக் குத்தகை என்பதால் புதுப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட எதற்கும் அது கட்டாயம். மேலே சொன்ன சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் கட்டுவது என்பதைப் பேச்சிலேயே முடித்துவிடுங்கள், பாதிப் பாதி என்பது வழக்கத்தில் உண்டு. பத்திரம் எழுதும்போது பழைய அட்வான்ஸ் பற்றிய வரியை நீங்களே உரக்கப் படித்துப் பாருங்கள். "இன்று பெற்றுக்கொண்ட 2,50,000" என்று இருந்தால் தவறு. "முந்தைய ஒப்பந்தத்தின்போது வங்கி மூலம் பெற்று, இந்த ஒப்பந்தத்துக்கும் தொடரும் 2,50,000" என்று, பணம் கொடுத்த தேதியோடு இருக்க வேண்டும்.